நம்பர் மாறாமல் நெட்வொர்க் மாறணுமா? இந்த 4 நாள் கணக்கை மறக்காதீங்க!

தென்காசி பக்கத்தில் இருக்கும் என் அத்தைக்கு வீட்டுக்குள் சிக்னலே கிடைக்காது. போன் வந்தால் மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். “வேற கம்பெனிக்கு மாறிடலாம்ல அத்தை?” என்று கேட்டால், “எம்மா, பேங்க், கேஸ், ரேஷன் கார்டு எல்லாத்துலயும் இந்த நம்பர்தான இருக்கு. அது போயிட்டா நான் என்ன செய்வேன்?” என்பார்.

நம்பர் எங்கும் போகாது. பழைய எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறது. ஆனால், அத்தை மாறுவதற்குள் இரண்டு முறை தடை வந்தது. இரண்டுமே யாருக்கும் வரக்கூடியவை.

முதல் தடை: புது சிம்

மாறுவதற்கான முதல் படி ஒரு எஸ்.எம்.எஸ். PORT என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணை அடித்து 1900-க்கு அனுப்ப வேண்டும்.

```
PORT 98XXXXXXXX
```

தகுதி இருந்தால் 8 எழுத்து, எண்கள் கலந்த ஒரு கோடு பதிலாக வரும். இதைத்தான் யு.பி.சி என்கிறார்கள். அத்தைக்கு வந்ததோ, தர முடியாது என்ற பதில். காரணம், முந்தைய நாள்தான் போன் தொலைந்துபோய் அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கியிருந்தார்.

2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றி 7 நாள்கள் ஆகும்வரை இந்த கோடு கிடைக்காது. மோசடிக்காரர் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி, உடனே வேறு நிறுவனத்துக்கு நம்பரைக் கடத்திவிடக் கூடாது என்பதற்கான பூட்டு இது. இதுபோக, இப்போதைய நிறுவனத்தில் 90 நாள்கள் முடிந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் கெடு தாண்டிய பில் பாக்கி இருக்கக் கூடாது.

இரண்டாம் தடை: காலாவதியான கோடு

ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை மீண்டும் அனுப்பினார். கோடு வந்துவிட்டது. ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்ததால் கடைக்குப் போனது செவ்வாய்க்கிழமை. “இது செல்லாதும்மா” என்றார் கடைக்காரர். தமிழ்நாட்டில் இந்த கோடு 4 நாள்கள்தான் செல்லும். எனவே கடைக்குப் போகும் நாளில் எஸ்.எம்.எஸ் அனுப்புவதே நல்லது.

அங்கேயே நின்று புது கோடு வாங்கி, ஆதாரைக் காட்டி கைரேகை வைத்து, புது சிம்மோடு வீடு திரும்பினார் அத்தை.

பழைய சிம்மை எப்போது கழற்றுவது?

அவசரப்பட வேண்டாம். ஒரே மாநில வட்டத்துக்குள் மாற 3 வேலை நாள்கள் ஆகும். சென்னை நம்பரோடு கர்நாடக வட்டத்துக்கு மாறுவதுபோல் வட்டம் தாண்டினால் 5 வேலை நாள்கள். அதுவரை பழைய சிம்மே வேலை செய்யும். எந்த நாள், எந்த நேரம் மாறும் என்று எஸ்.எம்.எஸ் வரும். அத்தைக்கு வெள்ளிக்கிழமை அதிகாலையில் பழைய சிம்மில் சிக்னல் போனது. புது சிம்மைப் போட்டதும் சிறிது நேரத்தில் வந்துவிட்டது. இந்த இடைவெளி சுமார் 4 மணி நேரம் வரை நீளலாம். அந்த நேரத்தில் ஓ.டி.பி வராது என்பதால் பணப் பரிமாற்றம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சிம் மாறியதால் யு.பி.ஐ ஆப் மறுபடி நம்பரைச் சரிபார்க்கச் சொல்லலாம். அத்தைக்கும் கேட்டது.

அத்தைக்கு ஒரு வருத்தம் மட்டும் உண்டு. பழைய ரீசார்ஜில் 11 நாள்கள் மிச்சம் இருந்தன. அவை போனது போனதுதான். ப்ரீபெய்டு பாக்கி புது நிறுவனத்துக்கு வராது. எனவே ரீசார்ஜ் முடிய ஒரு வாரம் இருக்கும்போது தொடங்கினால் நஷ்டம் குறைவு. அதற்காக, ரீசார்ஜ் தீர்ந்து நம்பரே முடங்கும்வரை விட்டுவிடாதீர்கள்.

இந்த கோடு யாருக்கும் சொல்லக் கூடாது

“கஸ்டமர் கேர்ல இருந்து பேசுறோம், 1900-க்கு மெசேஜ் அனுப்பி அந்த கோடைச் சொல்லுங்க” என்று யாராவது கேட்டால் உடனே போனை வையுங்கள். அது உங்கள் நம்பரின் சாவி. அதைக் கடைக்குப் போய், நேரில் மட்டும் கொடுங்கள்.

நீங்கள் கேட்காமலே ‘உங்கள் போர்ட் கோரிக்கை வந்தது’ என்று மெசேஜ் வந்தாலோ, மாற விண்ணப்பித்த பின் மனம் மாறினாலோ, 24 மணி நேரத்துக்குள் இதே 1900-க்கு இப்படி அனுப்பினால் நிறுத்திவிடலாம்:

```
CANCEL 98XXXXXXXX
```

அத்தை இப்போது அடுப்படியில் நின்றபடியே என்னோடு பேசுகிறார். நம்பர் அதேதான்.