அந்தக் கோரிலேஷனை எந்த லேபில் எடுக்கணும்?

கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கம், நீல மையில் எழுதியிருந்தார். எழுதியவருக்கு வயது 47. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். அவர் மாமியார் காலத்திலிருந்து என்னிடம்தான் காட்டுகிறார்கள். வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அந்தத் தாளையும் மடித்து கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் சம்மதத்தோடு அதிலிருந்து கொஞ்சம் இங்கே தருகிறேன்.

“டாக்டரம்மாவுக்கு வணக்கம். நேரில் வந்தால் வெளியே கூட்டம் நிற்கும், கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். ரெண்டு மாசமாகச் சாப்பிட்டதும் மேல் வயிறு எரிகிறது என்று சொன்னேன் இல்லையா, நீங்கள் எழுதிக் கொடுத்த ஸ்கேனை எடுத்துவிட்டேன். அங்கே ஒன்றும் சொல்லவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று கவரைக் கொடுத்தார்கள். மகன் பிரித்துப் படித்தான். பித்தப்பையில் 4 மி.மீ. பாலிப் இருக்கிறதாம். போனில் தேடினான், உடனே மூடிவைத்துவிட்டான். எனக்குச் சொல்லவில்லை, ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. கணையம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது. எனக்குக் கணையம் இருக்கிறதா இல்லையா? வலது கிட்னியில் சிஸ்ட் 12 மி.மீ. கல்லீரலில் கொழுப்பு, முதல் கிரேடு. அது எல்லோருக்கும் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள், அதை விட்டுவிடலாம். கடைசியில் கிளினிக்கல் கோரிலேஷன் செய்யச் சொல்லியிருக்கிறது. அதை எந்த லேபில் எடுக்கணும், எவ்வளவு ஆகும்? இங்கிலீஷ் இல்லாமல் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.”

கேள்வியில் ஒரு குறையும் இல்லை. அந்த ரிப்போர்ட் அவருக்காக எழுதப்பட்டதல்ல, அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்த மருத்துவர் எனக்கு எழுதிய குறிப்பு அது. ஆனால் கவர் போய்ச் சேர்வது நோயாளியின் கையில். நானும் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த அன்றே, ரிப்போர்ட்டில் என்னென்ன மாதிரி வரிகள் இருக்கும் என்று இரண்டு நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு மகனோடு வரச் சொன்னேன்.

ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். வயிற்று ஸ்கேனில் கதிர் எதுவும் கிடையாது. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து வரையும் படம் அது. நீர் எதிரொலிக்காது, அதனால் நீர் இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். கல் ஒலியை அப்படியே திருப்பி அனுப்புவதால் வெள்ளையாக மின்னும். சதைப்பகுதி எல்லாம் சாம்பல் நிறம். இதை மட்டும் தெரிந்துகொண்டால் ஃபிலிமில் பாதி புரிந்துவிடும். பேரிக்காய் மாதிரிக் கறுப்பாக இருந்த பித்தப்பையை அந்த அம்மாவே விரலால் தொட்டுக் காட்டினார். பித்தநீர் நிறைந்து அது அப்படி உப்பித் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள்.

அந்தக் கறுப்பின் சுவரில் கடுகுப் பருமனில் ஒரு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தது. அதுதான் பாலிப். பாலிப் என்றால் சுவரிலிருந்து உள்பக்கமாகத் துருத்தும் சின்னச் சதை முளை. அது கல் இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று மகன் கேட்டார். கல்லாக இருந்தால் ஒலி அதைத் தாண்டிப் போக முடியாது. டார்ச் வெளிச்சத்தில் கையை நீட்டினால் சுவரில் நிழல் விழுகிற மாதிரி, கல்லுக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை விழும். இந்தப் புள்ளிக்குக் கீழே நிழல் இல்லை. இன்னொன்று, நோயாளியைப் பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொன்னால் கல் பெரும்பாலும் உருண்டு இடம் மாறும், பாலிப் நகராது. ‘அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிப் படுக்கச் சொன்னது இதுக்குத்தானா’ என்றார் அந்த அம்மா.

கேன்சரா என்பதுதான் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. இந்த அளவிலுள்ள பாலிப்களில் பெரும்பாலானவை கொலஸ்ட்ரால் சுவரில் படிந்து உண்டானவை. அவை புற்றாக மாறுவதில்லை. இங்கே பார்க்க வேண்டியது அளவைத்தான். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பித்தப்பையை எடுத்துவிடுவதே நல்லது என்கிறார்கள். 5 மி.மீ.யும் அதற்குக் கீழும் என்றால், ஆபத்தைக் கூட்டும் காரணம் எதுவும் இல்லாதவருக்குத் திரும்ப ஸ்கேன்கூட வேண்டாம் என்கின்றன 2022இல் திருத்தி வெளியான ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள். ஆனால் அதே நெறிகள் ஆசிய இனத்தவர் என்பதையும் அந்தக் காரணங்களில் ஒன்றாக எண்ணுகின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என மூன்று முறை பார்த்துவிட்டு, வளராமல் இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். வேறு சில நெறிகள் இதற்கு அவ்வளவுகூடத் தேவையில்லை என்கின்றன. நான் மூன்று முறை பார்க்கும் வழியை எடுத்துக்கொண்டேன். 4 மி.மீ. என்று இன்று அளந்ததை நாளை இன்னொருவர் 5 என்று அளக்கலாம், அந்த ஒரு மில்லிமீட்டருக்குப் பதற வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கணையம் விஷயம் சுலபம். அது இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கிறது. இரைப்பையிலும் குடலிலும் வாயு இருந்தால் ஒலி அங்கேயே சிதறிவிடும், பின்னால் இருப்பது தெரியாது. ஜன்னலை மூடிவைத்தால் கொல்லைப்புறம் தெரியாது, அதற்காகக் கொல்லை இல்லை என்று ஆகிவிடாது. ‘தெரியவில்லை’ என்பது நோயின் பெயர் அல்ல. நன்றாக இருக்கிறது என்ற உறுதியும் அல்ல, இதை நான் மறைக்கவில்லை. முதுகுவரை ஊடுருவும் வலி, காரணமில்லாத எடைக் குறைவு, மஞ்சள் காமாலை, திடீரென்று வந்த சர்க்கரை நோய் ஆகியவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். எதுவும் இல்லை.

சிறுநீரகத்தில் இருந்தது நீர்க்குமிழி. மெல்லிய சுவர், உள்ளே முழுக் கறுப்பு, தடுப்போ சதையோ கிடையாது. வயது ஏற ஏற இப்படி வருவது சகஜம். அதை மறந்துவிடலாம்.

அவர் விட்டுவிடலாம் என்று எழுதிய கல்லீரல் கொழுப்பைத்தான் நான் விடவில்லை. சாதாரணமாகக் கல்லீரலும் பக்கத்திலுள்ள சிறுநீரகமும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். கொழுப்பு சேர்ந்தால் கல்லீரல் வெளுத்துவிடும். வெளுத்திருந்தாலும் உள்ளே ஓடும் ரத்தக் குழாய்களின் சுவர் தெளிவாகத் தெரிந்தால் முதல் கிரேடு, மங்கினால் இரண்டாவது, பின்பக்கமே மறைந்துபோனால் மூன்றாவது. கிரேடு என்பது இந்த வெளுப்பைப் பற்றிய கண் மதிப்பீடு மட்டுமே. கல்லீரலில் புண்ணாகித் தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. முதல் கிரேடிலும் தழும்பு இருக்கலாம், மூன்றாம் கிரேடிலும் இல்லாமல் போகலாம். பின்னாளில் கல்லீரலைக் கெடுப்பது அந்தத் தழும்புதான்.

அதைக் கணிக்க மூன்று ரத்தப் பரிசோதனை போதும்: ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., தட்டணு எண்ணிக்கை. அடுத்த வாரம் எடுத்து வந்தார். முறையே 32, 49, இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கினால் 47 × 32 = 1504. தட்டணுவை ஆயிரக் கணக்கில் 240 என்று எடுத்து, 49இன் வர்க்கமூலமான 7ஆல் பெருக்கினால் 1680. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.9 வருகிறது. 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. மகன் போனிலேயே கணக்குப் போட்டுச் சரிபார்த்தார். ஆகவே இப்போதைக்கு பயாப்சி வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். எடை 71 கிலோ. அதில் ஐந்து கிலோ குறைந்தால் கொழுப்பும் அதனால் வரும் அழற்சியும் இறங்கும். ஒரே மாதத்தில் பட்டினி கிடந்து குறைத்தால் பித்தப்பையில் கல் உண்டாகும், அதனால் ஆறேழு மாதத்தில் மெல்லக் குறைக்கச் சொன்னேன். இரவு மூன்று தோசை இரண்டாகும், மூன்று வேளை டீயில் சர்க்கரை நின்றுபோகும், தினம் அரை மணி நடை. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 இருந்தது. நீரிழிவின் வாசலில் நிற்கும் எண் அது. அதுவும் அந்த ஐந்து கிலோவோடு சேர்ந்தே இறங்கக்கூடியது.

ஆனால் அந்த அம்மா முதலில் என்னிடம் வந்தது எதற்கு? எரிச்சலுக்கு. பாலிப், கொழுப்பு, நீர்க்குமிழி மூன்றையும் கூட்டினாலும் சாப்பிட்டவுடன் எரிகிற மேல் வயிற்றுக்குப் பதில் கிடைக்காது. இரைப்பையின் உள்தோல் சிவந்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்று வயிற்று ஸ்கேனில் பார்க்க முடியாது. ரிப்போர்ட்டில் இரைப்பை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் காட்டினேன். கிளினிக்கல் கோரிலேஷன் என்ற வரி கேட்பது இதைத்தான். படத்தில் கண்டதையும் ஆள் சொல்லும் தொந்தரவையும் பக்கத்தில் வைத்துப் பொருந்துகிறதா பாருங்கள் என்று ஸ்கேன் மருத்துவர் எனக்குச் சொல்கிறார். அதற்கு லேப் கிடையாது, கட்டணம் கிடையாது. உட்கார்ந்து பேசுவதுதான்.

பேசினோம். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். கழுத்து வலி, தலைவலி, எதற்காவது? கொஞ்ச நேரம் கழித்து, ‘கழுத்து வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடுவேன், அது சும்மா வலி மாத்திரைதான்மா’ என்றார். தீபாவளிக்கு முன்னால் தையல் வேலை குவிந்தபோது ஆரம்பித்தது. தினம் இரண்டு, பல நாள் வெறும் வயிற்றில், நான்கு மாதமாக. கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த அட்டையில் டைக்ளோஃபினாக் என்றிருந்தது. வலியை அடக்கும் அதே வேலையில், இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காக்கும் படலத்தையும் மெலிய வைக்கும் மருந்து அது. மேல் வயிற்று எரிச்சலுக்கு அதைவிடப் பொருத்தமான காரணம் என் கண்ணில் படவில்லை.

அந்த மாத்திரையை அன்றே நிறுத்தினோம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று, காலை உணவுக்கு அரை மணி முன்னால், நான்கு வாரத்துக்கு. மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, தலை சுற்றி விழுகிற மாதிரி இருந்தாலோ இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். விழுங்கும்போது அடைத்தாலும் நான்கு வாரத்தில் எரிச்சல் அடங்காவிட்டாலும் என்னிடம் வாருங்கள், எண்டோஸ்கோப்பி செய்து உள்ளே பார்த்துவிடலாம் என்று கடிதத்தின் பின்பக்கத்திலேயே தமிழில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஸ்கேன் எந்த மாதம், எதை மட்டும் பார்க்க வேண்டும் என்பதையும், பழைய ஃபிலிமைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதையும் அதன் கீழே குறித்தேன். பழைய படம் இல்லாமல் வளர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது வாரம் வந்தார். எரிச்சல் முக்கால்வாசி அடங்கியிருந்தது. கழுத்து வலி அப்படியே இருந்தது. மெஷின் முன்னால் எதில் உட்காருகிறீர்கள் என்று கேட்டதற்கு, மாமியார் காலத்து மர முக்காலி என்றார். அதன் உயரத்தை நாளை இன்ச் டேப்பால் அளந்து சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.