கொண்டை ஊசி வளைவில் வெட்டுப்படும் மரங்கள்

பூம்பாறையில் இருக்கும் என் அக்கா மகனுக்கு யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்றால் உயிர். ரசிகர்கள் செய்து வைத்திருக்கும் தமிழ்நாட்டு பஸ் மோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் மலை ஏறுவான். அவன் சொன்ன குறை இதுதான்: “நேர் ரோட்டுல நல்லாத்தான் போகுது மாமா. வளைவுல திரும்பினா மட்டும் மரமெல்லாம் ரெண்டா வெட்டுது.”

இந்த ஒரு வரியில் நோயும் இருக்கிறது, அதன் காரணமும் இருக்கிறது. அவனுடைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 60 முறை, மேலிருந்து கீழாகத் திரையைப் புதிதாக வரைகிறது. ஒரு முறை வரைய 16.7 மில்லிநொடி. கிராபிக்ஸ் கார்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஒரு ஃபிரேமை முடித்த கையோடு அடுத்ததை நீட்டிவிடும். மானிட்டர் பாதித் திரை வரைந்திருக்கும்போது புது ஃபிரேம் வந்தால், மேல் பாதி பழைய காட்சி, கீழ் பாதி புதிய காட்சி. இதைத்தான் டியரிங் என்கிறார்கள்.

நேர் சாலையிலும் இது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே காட்சி நடுவிலிருந்து மெல்ல விரிவதால் கண்ணில் படுவதில்லை. வளைவில் மொத்தக் காட்சியும் பக்கவாட்டில் ஓடுகிறது. 1920 பிக்சல் அகலத் திரையில் 80 டிகிரி காட்சி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பஸ் நொடிக்கு 30 டிகிரி திரும்பினால், காட்சி நொடிக்கு ஏறக்குறைய 720 பிக்சல் நகரும். 60 ஃபிரேம் ஓடும் கணினியில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் 12 பிக்சல் வித்தியாசம். நெட்டுக்குத்தாக நிற்கும் யூகலிப்டஸ் மரம் அந்த 12 பிக்சல் அளவுக்கு விலகி இரண்டாகத் தெரியும்.

இதற்குப் பழைய மருந்து வி-சிங்க். மானிட்டர் ஒரு முறை முழுதாக வரைந்து முடிக்கும்வரை புது ஃபிரேமை உள்ளே விடாது. வெட்டு போய்விடும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நேரத்துக்குக் கிளம்பும் பஸ்ஸை அரை நிமிஷத்தில் தவறவிட்டவர் அடுத்த பஸ் வரைக்கும் நிற்க வேண்டியதுதானே? அதே கதைதான் இங்கும். 16.7 மில்லிநொடிக்குள் முடிய வேண்டிய ஃபிரேம் 17 ஆகிவிட்டால், 33.3 வரைக்கும் காத்திருக்கும். 60 ஃபிரேம் சட்டென்று 30 ஆகும். டிரிபிள் பஃபரிங் இருந்தால் கார்டு சும்மா நிற்காது. ஆனாலும் 50 ஃபிரேம் மட்டுமே வந்தால், ஐந்து ஃபிரேமை ஆறு முறை காட்டியாக வேண்டும், ஒன்று இரண்டு முறை தெரியும். வெட்டுக்குப் பதில் குலுக்கல். கூடவே, முடிந்த ஃபிரேம்கள் வரிசையில் காத்திருப்பதால் ஸ்டீயரிங்கைத் திருப்பியபின் சற்றுத் தாமதித்தே வண்டி திரும்புவதுபோல் இருக்கும்.

ஃபிரேம் லிமிட் வேறு விஷயம். நொடிக்கு இத்தனைக்கு மேல் வேண்டாம் என்று கார்டுக்குக் கட்டுப்பாடு போடுவது மட்டும்தான் அதன் வேலை. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 60 என்று லிமிட் போட்டால் டியரிங் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. எண் ஒன்றானாலும் இரண்டின் தொடக்க நேரம் ஒன்றல்ல. வெட்டுக்கோடு ஓரிடத்தில் நின்றுகொண்டோ, திரையில் மெல்ல ஊர்ந்துகொண்டோ இருக்கும். லிமிட்டின் பலன் வேறு இடத்தில்: ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வரும், கார்டு சூடு குறையும், மின்சாரமும் குறையும். மழைக்காலத்தில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் விளையாடுகிறவர்களுக்கு இந்தக் கடைசிப் பலன் ஒன்றே போதும்.

அவனுடைய கணினிக்கு வருவோம். ஃபிரேம் எண்ணைப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகும் மில்லிநொடியைப் பார் என்றேன். RTSS என்ற இலவச மென்பொருள் அதைத் திரை மூலையிலேயே கோடாக வரைந்து காட்டும். வளைவுகளில் கோடு 14-க்கும் 19-க்கும் நடுவே ஆடியது. இந்த நிலையில் வி-சிங்க் மட்டும் போட்டால் குலுக்கல்தான் மிஞ்சும். முதலில் 19-ஐக் குறைக்க வேண்டும். பஸ்ஸின் பக்கக் கண்ணாடிகள் ஒவ்வொன்றும் பின்புறக் காட்சியைத் தனியாக வரைய வைப்பவை, அதனால் கண்ணாடித் தரத்தை இறக்கினோம். விளையாட்டுக்குள் இருக்கும் ஸ்கேலிங் அளவையும் ஒரு படி குறைத்தோம். மிக மோசமான வளைவிலும் 16-க்குள் நின்றது. அதன்பிறகு வி-சிங்க் போட்டதும் மரங்கள் முழுசாகிவிட்டன. எவ்வளவு இறக்கியும் 16-க்குள் வராத கணினி என்றால், 30-க்கு லிமிட் போட்டு வி-சிங்க்கும் போடுவேன். ஓட்டும் விளையாட்டில் ஆடி ஆடி வரும் 48-ஐவிட அசையாத 30 மேல் என்பது என் கட்சி. சுடும் விளையாட்டு என்றால் இந்த யோசனையே தலைகீழ்: வி-சிங்க்கை அணைத்துவிட்டு வெட்டைச் சகித்துக்கொள்வதே நல்லது, தாமதம் அங்கே ஆளைக் கொன்றுவிடும்.

இத்தனை சமரசமும் மானிட்டர் தன் தாளத்தை விட்டுக்கொடுக்காததால் வருவது. மாறும் ரிஃப்ரெஷ் ரேட், சுருக்கமாக விஆர்ஆர், அதைத்தான் மாற்றியது. ஃபிரேம் எப்போது தயாராகிறதோ அப்போது திரை வரையத் தொடங்கும். என்விடியா 2013-இல் ஜி-சிங்க்கை அறிவித்தது. அடுத்த ஆண்டு வெசா அமைப்பு அடாப்டிவ்-சிங்க்கைப் பொதுத் தரமாக்கியது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன்மேல் நிற்பது. 2019 முதல் என்விடியா கார்டுகளும் அந்தப் பொதுத் தர மானிட்டர்களுடன் வேலை செய்கின்றன.

வாங்கும்போது பெட்டியின்மேல் இருக்கும் பெயரைவிட, எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை வேலை செய்யும் என்பதைப் பாருங்கள். 48 முதல் 144 வரை என்றால், 40 ஃபிரேம் வரும்போது ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டி 80-இல் ஓட முடியும். 48 முதல் 75 வரை மட்டும் என்றால் அந்த வித்தைக்கு இடமில்லை. 45-க்கு இறங்கியதும் பழைய வெட்டோ குலுக்கலோ திரும்பிவிடும்.

144 ஹெர்ட்ஸ் விஆர்ஆர் மானிட்டருக்கு நான் சொல்லும் கலவை இது. விண்டோஸில் `Advanced display` போய், திரை உண்மையிலேயே 144-இல் இருக்கிறதா என்று பாருங்கள், புது மானிட்டர் 60-லேயே கிடப்பது சகஜம். மானிட்டரின் சொந்த மெனுவிலும் அடாப்டிவ்-சிங்க் திறந்திருக்க வேண்டும். என்விடியா என்றால் `NVIDIA Control Panel`-இல் ஜி-சிங்க்கைப் போட்டு, `Vertical sync`-ஐ `On` ஆக்கி, `Max Frame Rate`-ஐ 141 என்று வையுங்கள். விளையாட்டுக்குள் இருக்கும் வி-சிங்க்கை அணைத்துவிடுங்கள்.

ஏன் 141? ஃபிரேம் 144-ஐ முட்டிவிட்டால் விஆர்ஆருக்கு மேலே போக இடமில்லை. அங்கிருந்து சாதாரண வி-சிங்க் பொறுப்பேற்கும், வரிசையும் தாமதமும் திரும்பும். மூன்று ஃபிரேம் கீழே நிறுத்தினால் அந்த எல்லையைத் தொடவே மாட்டீர்கள். அப்படியென்றால் டிரைவரில் வி-சிங்க் எதற்கு என்று கேட்கலாம். லிமிட் போட்டாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாய் ஒரு ஃபிரேம் முந்திக்கொண்டு வரும். அது திரையின் அடியில் வெட்டு விடாமல் பிடிக்கத்தான்.

இவ்வளவும் செய்தபின் ஊருக்குள் நுழையும்போது மட்டும் ஒரு கணம் விறைத்து நின்றால், கோடு திடீரென 80 மில்லிநொடிக்குத் துள்ளுவதைப் பார்ப்பீர்கள். அது வட்டிலிருந்து புதிய காட்சிகளை ஏற்றும் சுமை, அல்லது பிராசசரின் திணறல். விஆர்ஆர் அதை மறைக்காது, மோட்களைக் குறைத்துப் பார்க்க வேண்டும். இருட்டான காட்சிகளில் திரை மினுக்மினுக்கென்றால் அது வேறு: விஏ, ஓஎல்இடி திரைகளில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும்போது வெளிச்சமும் லேசாக ஆடும். லிமிட்டை 141-லிருந்து, உங்கள் கணினி எப்போதும் எட்டிவிடும் ஒரு எண்ணுக்கு, உதாரணமாக 90-க்கு, இறக்கினால் பெரும்பாலும் அடங்கும்.