மறு ஆர்டர்: ‘போன தடவை மாதிரியே’ என்றால் எது?

ஏற்கெனவே வாங்கிய சரக்கையே அதே வியாபாரியிடம் மீண்டும் கேட்பது மறு ஆர்டர். தரம், விலை, அனுப்பும் ஏற்பாடு எல்லாம் முன்பே பேசி முடித்தவை என்பதால் கடிதம் நான்கு வரியில் முடிந்துவிடும். அந்த நான்கு வரியும் சொந்தமாகச் சொல்வது குறைவு. பாரத்தையெல்லாம் பழைய ஆர்டரின் மேல் ஏற்றிவிடுகின்றன. எனவே எந்தப் பழைய ஆர்டர் என்பது ஐயமில்லாமல் தெரிய வேண்டும்.

மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு நிறுவனம் அட்டைப்பெட்டி வாங்குவதாகக் கொள்ளலாம். 12.03.2025 தேதியிட்ட 118-ஆம் எண் ஆர்டரில் ஐந்து பிளை பெட்டி 2,000 கேட்டிருந்தது. உள்ளளவு 40 × 30 × 25 செ.மீ., ரேட் 32 ரூபாய். பத்து நாளில் ஆயிரம், அதன்பின் பதினைந்து நாளில் ஆயிரம். பணம் 30 நாளில். எண்ணிக்கையில் 5 சதவீதம் கூடலாம், குறையலாம். முதல் ஆயிரம் வந்தபின் பொடி பாக்கெட்டின் அளவு சிறிது குறைந்தது. உயரத்தை 24 செ.மீ. ஆக்கும்படி மார்ச் 28 அன்று வாட்ஸ்அப்பில் எழுதி, பெட்டிக்காரரும் சரி என்றார். இரண்டாம் ஆயிரம் அந்த அளவில்தான் வந்தது.

அக்டோபரில் 3,000 பெட்டி தேவைப்படுகிறது. “118 மாதிரியே போடுங்கள்” என்று மட்டும் எழுதினால், தொழிற்சாலையில் அந்தத் தாளை எடுப்பவர் 25 செ.மீ. என்றே வெட்டச் சொல்வார். அவர் மேல் குற்றம் இல்லை. பெட்டியின் மேல்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் காலியாக நிற்கும். அடுக்கும்போது பாரத்தைத் தாங்க உள்ளே பாக்கெட் எட்டாது, மூடி உள்வாங்கும். குடோனில் அடுக்கின் அடிப்பெட்டிகள் நசுங்கத் தொடங்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். சரக்கு இறங்கியதும் இரண்டு பெட்டியை விரித்து உள்ளளவை டேப் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பழைய ஏற்பாடு எல்லாம் புதிய எண்ணிக்கைக்குத் தானாக நீளாது. இரண்டு ஆயிரங்களுக்கு வகுத்த கால அட்டவணையில் மூன்றாவது ஆயிரத்துக்கு இடமே இல்லை. ஆகவே தேதிகளைப் புதிதாக எழுத வேண்டும். வரியும் அப்படித்தான். அட்டைப்பெட்டிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பெட்டி 32 ரூபாய் என்றால் 96,000 ரூபாய்ச் சரக்குக்கு வரி 11,520 அல்ல, 4,800. பழைய ஆர்டரின் மொத்தத் தொகையை வைத்து விகிதக் கணக்குப் போடுபவர் இங்கே தவறுவார். இத்தனையும் சேர்ந்தால் கடிதம் இப்படி அமையும்:

“12.03.2025 தேதியிட்ட எங்கள் 118-ஆம் எண் ஆர்டரிலும், 28.03.2025 அன்று வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்ட உயர மாற்றத்திலும் கண்டபடி, ஐந்து பிளை பெட்டி 3,000 அனுப்பவும். உள்ளளவு 40 × 30 × 24 செ.மீ. ரேட் 32 ரூபாய், எங்கள் குடோன் வரை வண்டி வாடகை உட்பட. ஜிஎஸ்டி தனி, பில் தேதியில் உள்ள விகிதப்படி. அக்டோபர் 16, 31, நவம்பர் 15 ஆகிய நாள்களில் ஆயிரம் ஆயிரமாக வேண்டும். மற்ற நிபந்தனைகள் 118-இல் உள்ளபடியே.”

கடைசி வரி சிறியது. ஆனால் வேலை அதிகம். 30 நாள் தவணையை அதுதான் சுமந்து வருகிறது. பெட்டிக்காரர் பதிவுபெற்ற குறு அல்லது சிறு தொழில் நிறுவனமாக இருந்து, பணம் தரும் நாள் எழுத்தில் இல்லாவிட்டால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சரக்கை ஏற்ற 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் இருந்தாலும் 45 நாளைத் தாண்ட முடியாது. எண்ணிக்கைச் சலுகையையும் அதே வரி கொண்டுவருகிறது: 3,000-க்கு 5 சதவீதம் என்றால் 150 பெட்டி. அது இல்லாத ஆர்டரில் கூடுதலாக வந்ததைத் திருப்பி அனுப்ப, 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் வாங்குபவருக்கு இடம் தருகிறது. தொழில் வழக்கம் வேறாக இருந்தால் அதுவும் பார்க்கப்படும்.

ஆர்டர் போனதும் எழுத்தில் பதில் வாங்குவது வழக்கம். காகித விலை ஏறியிருந்தால் பெட்டிக்காரர் “சரி, ரேட் 34” என்று எழுதக்கூடும். சட்டப்படி அது சம்மதமல்ல. புதிதாக ஒரு விலை சொல்வது. இதற்குப் பதிலே எழுதாமல் முதல் ஆயிரத்தை இறக்கிக்கொண்டால், 34 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டதாகவே கொள்ளப்படலாம். எனவே 32-தான் வேண்டுமென்றால், வண்டி கிளம்புமுன் அதை எழுதி அனுப்பி மறு பதில் வாங்க வேண்டும்.