பல் வேரை நிரப்பும்போது அரை மில்லிமீட்டர் ஏன் முக்கியம்?

ரூட் கெனால் செய்த பிறகு, அந்தப் பல்லை நிரப்பப் பயன்படும் இளஞ்சிவப்புக் குச்சியின் பெயர் கட்டாபெர்ச்சா. நம் பால்மரத்துக்கு உறவு இல்லையென்றாலும், இதுவும் மரப்பாலிலிருந்து வருவதுதான். மலாயாக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் கெத்தா அது. அந்தக் குச்சி வேரின் நுனியைத் தாண்டி வெளியே போகக்கூடாது. அதற்குத்தான் வேரின் நீளத்தை முதலில் அளக்கிறார்கள்.

வேரின் உள்ளே இருக்கும் குழாய், நுனிக்குச் சற்று முன்பாகக் குறுகும். சுத்தம் செய்வதும் நிரப்புவதும் அந்தக் குறுகலோடு நிற்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், எக்ஸ்ரேயில் அந்த இடம் தெரிவதில்லை. வேரின் முனை மட்டுமே தெரியும். குழாயின் வாயோ பல பற்களில் முனையில் இல்லாமல் பக்கவாட்டில் திறக்கிறது. எக்ஸ்ரே ஒரு நிழல்படம் என்பதால், கன்னத்தை நோக்கியோ நாக்கை நோக்கியோ திறக்கும் வாய் அதில் மறைந்துவிடும்.

ராசாவில் வசிக்கும் ஒரு பெண்மணியின் கீழ்த்தாடை இரண்டாவது கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் வேர் 21 மில்லிமீட்டர். பழைய கணக்குப்படி 1 மில்லிமீட்டர் கழித்து 20 வரை போகலாம் என்று தோன்றும். ஆனால், நுனிகாணும் கருவியான அபெக்ஸ் லொகேட்டரை இணைத்தால், 19.5-லேயே திரையில் APEX என்று வந்துவிடுகிறது. ஊசி போன்ற ஃபைல் குழாயின் வாயைத் தொட்டுவிட்டது என்று பொருள். எனவே அரை மில்லிமீட்டர் பின்வாங்கி 19-இல் நிறுத்த வேண்டும். எக்ஸ்ரேயை மட்டும் நம்பியிருந்தால் ஃபைல் வெளியே போய், குறுகலையும் கிழித்திருக்கும். பிறகு நிரப்பும் பொருளைத் தடுக்க அங்கே எதுவும் இருக்காது. அப்படி ஆகிவிட்டால், குழாயை உலர்த்தும் காகிதக் குச்சியின் நுனியில் ஒவ்வொரு முறையும் ரத்தம் ஒட்டும்.

இந்தக் கருவி உதட்டில் ஒரு கொக்கியை மாட்டி, சிறு மின்சாரத்தை அனுப்பி அளக்கிறது. 1962-இல் ஜப்பானின் சுனாடா இதற்கு வழிகாட்டினார். குழாயின் வாயில் மின்தடை ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். கருவியும் ஏமாறும். எச்சில் தேங்கினாலோ, ஃபைல் உலோகக் கிரீடத்தைத் தொட்டாலோ, வேர் நுனி அகலத் திறந்திருந்தாலோ தவறான எண் வரும். அதனால் நல்ல மருத்துவர்கள் கருவியின் எண்ணை, ஃபைல் உள்ளே இருக்கும்போது எடுத்த எக்ஸ்ரேயுடன் ஒப்பிடுவார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் இவ்வளவு கவனம் எதற்கு? அந்த வேர்களுக்கு அடியில் கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. சில பற்களில் வேர் நுனி அதை ஒட்டியே இருக்கும். வெளியே கசிந்த பசை நரம்பை அழுத்தும்; சில பசைகள் நரம்பையே எரித்துவிடும். மரத்துப்போகும் ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மறுநாளும் உதடோ தாடையோ மரத்திருந்தால், அல்லது எரிச்சலான வலி இருந்தால், "தானே சரியாகும்" என்று காத்திருக்காமல் அன்றே திரும்பிப் போய் எக்ஸ்ரே கேளுங்கள். வெளியேறிய பொருளை முதல் ஓரிரு நாளில் அகற்றினால்தான் உணர்வு திரும்ப வாய்ப்பு அதிகம்.