‘ஆல்தோ’ வந்தால் ‘பட்’ எதற்கு?

ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ என்று தொடங்கும் வாக்கியத்தின் இரண்டாம் பாதியை ‘பட்’ போட்டுத் தொடங்கக் கூடாது. ‘ஆல்தோ த பஸ் வாஸ் லேட், பட் ஹி ரீச்ட் த ஆபீஸ் ஆன் டைம்’ என்பது தமிழர்களின் ஆங்கிலத்தில் அடிக்கடி தென்படும் பிழை. இரண்டில் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும். ‘ஆல்தோ த பஸ் வாஸ் லேட், ஹி ரீச்ட் த ஆபீஸ் ஆன் டைம்’ என்றும் எழுதலாம். ‘த பஸ் வாஸ் லேட், பட் ஹி ரீச்ட் த ஆபீஸ் ஆன் டைம்’ என்றும் எழுதலாம். பேருந்து தாமதமாக வந்தும் அவர் நேரத்துக்குப் போய்விட்டார் என்பதையே இரண்டும் சொல்கின்றன.

இரண்டு சொற்களும் செய்யும் வேலை வேறு. ‘பட்’ தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைச் சமமாக இணைக்கிறது. ‘ஆல்தோ’ தான் சேரும் வாக்கியத்தைத் தனித்து நிற்க முடியாததாக்கி, இன்னொன்றைச் சார்ந்திருக்க வைக்கிறது. ‘ஆல்தோ த பஸ் வாஸ் லேட்’ என்று மட்டும் சொன்னால், ‘பேருந்து தாமதமாக வந்தாலும்’ என்பதைப் போலவே அது பாதியில் நிற்கும். தனித்து நிற்க முடியாத அந்தப் பகுதியை ‘பட்’டால் சமமாக இணைக்க முடியாது.

தமிழிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. ‘பேருந்து தாமதமாக வந்தாலும் அவர் நேரத்துக்குப் போனார்’ என்பது ஒன்று. ‘பேருந்து தாமதமாக வந்தது, ஆனால் அவர் நேரத்துக்குப் போனார்’ என்பது மற்றொன்று. பிறகு ஏன் ஆங்கிலத்தில் தடுமாற்றம்? தமிழில் ‘வந்தாலும்’ என்பதிலுள்ள ‘ஆலும்’ முதல் பகுதியின் கடைசியில், இரண்டு பகுதிகளும் சேரும் இடத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. சேருமிடத்தில் ஒரு காற்புள்ளி மட்டுமே இருக்கிறது. தமிழுக்குப் பழகிய காது அங்கே ஒரு சொல்லை எதிர்பார்க்கிறது. முதல் பகுதி நீண்டுவிட்டால் ‘ஆல்தோ’ சொன்னதே மறந்து, அந்த இடத்தில் ‘பட்’ விழுந்துவிடுகிறது. சீன மொழியில் இப்படி இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்வதே இயல்பு. அதனால் சீனர்களும் ஆங்கிலத்தில் இதே பிழையைச் செய்கிறார்கள்.

ஆனால் ‘ஆல்தோ’ உள்ள வாக்கியத்தில் ‘பட்’ எங்குமே வரக் கூடாது என்று கொள்ள வேண்டியதில்லை. ‘ஆல்தோ த பஸ் வாஸ் லேட், ஹி ரீச்ட் த ஆபீஸ் ஆன் டைம், பட் த மேனேஜர் வாஸ் நாட் தேர்’ என்பது சரியான வாக்கியம். இங்கே ‘பட்’ அவர் போய்ச் சேர்ந்ததையும் மேலாளர் அங்கே இல்லாததையும் இணைக்கிறது. ‘ஆல்தோ’ பகுதியோடு அதற்குத் தொடர்பில்லை. இரண்டாம் பாதிக்கு அழுத்தம் வேண்டுமானால் ‘பட்’டுக்குப் பதில் ‘ஸ்டில்’ சேர்த்து, ‘ஹி ஸ்டில் ரீச்ட் த ஆபீஸ் ஆன் டைம்’ எனலாம். ‘யெட்’டும் ‘ஆல்தோ’வுடன் வரலாம், இன்று அது சற்றே பழைய நடையாக ஒலிக்கும்.

இதே கருத்தைச் சொல்ல ‘டெஸ்பைட்’, ‘இன் ஸ்பைட் ஆஃப்’ ஆகியவையும் உண்டு. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. ‘டெஸ்பைட்’ சுருக்கமானது என்பதால் எழுத்து நடையில் சற்று அதிகம் வரும். பிழை நேர்வது ‘ஆஃப்’பில்தான். ‘இன் ஸ்பைட்’ என்றால் ‘ஆஃப்’ கட்டாயம். ‘டெஸ்பைட்’ என்றால் ‘ஆஃப்’ கூடாது. இரண்டையும் கலந்து ‘டெஸ்பைட் ஆஃப்’ என்று எழுதுவது தவறு. பழைய ஆங்கிலத்தில் ‘இன் டெஸ்பைட் ஆஃப்’ என்ற வடிவம் இருந்தது. இன்று ‘டெஸ்பைட்’ தனியாகவே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

‘ஆல்தோ’வுக்குப் பின் எழுவாயும் வினையும் கொண்ட வாக்கியம் வரும். ‘டெஸ்பைட்’, ‘இன் ஸ்பைட் ஆஃப்’ இரண்டுக்கும் பின் பெயர்ச்சொல்லோ ‘இங்’ என முடியும் வினை வடிவமோதான் வரும். எனவே ‘டெஸ்பைட் த பஸ் வாஸ் லேட்’ என்பது பிழை. தாமதத்தைப் பெயர்ச்சொல்லாக்கி ‘டெஸ்பைட் த டிலே, ஹி ரீச்ட் த ஆபீஸ் ஆன் டைம்’ என்று எழுதினால் சரி. முழு வாக்கியத்தையும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் இடையில் ‘த ஃபாக்ட் தட்’ சேர்த்து ‘டெஸ்பைட் த ஃபாக்ட் தட் த பஸ் வாஸ் லேட்’ எனலாம். அதைவிட ‘ஆல்தோ’ சுருக்கமானது.

‘இங்’ வடிவத்தில் ஒரு கவனம் தேவை. ‘டெஸ்பைட் பீயிங் லேட், ஹி ரீச்ட் த ஆபீஸ் ஆன் டைம்’ என்று எழுதினால் தாமதமானவர் அவரே என்று பொருள்படும். தாமதமானவரே நேரத்துக்கு வந்தார் என்று வாக்கியம் தன்னோடு தானே முரண்படும். ‘பீயிங்’கின் எழுவாயைத் தனியே சொல்லாவிட்டால், அது பின்வரும் வாக்கியத்தின் எழுவாயையே குறிக்கும். தாமதமானது பேருந்துதான் என்றால் ‘டெஸ்பைட் த பஸ் பீயிங் லேட்’ என்று அதன் பெயரைச் சொல்லியாக வேண்டும்.