புண்ணாக்கைக் கணக்கில் சேருங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கடலைப்பருப்பைச் செக்கில் கொடுத்து எண்ணெய் ஆட்டுவோர், பெரும்பாலும் ஆட்டுக்கூலியில்தான் பேரம் பேசுகின்றனர். லிட்டரின் அடக்க விலையைத் தீர்மானிப்பது கூலியைவிடப் புண்ணாக்கே என்பது என் கருத்து.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விலைகளை நானே வைத்துக்கொள்கிறேன். பருப்பு 10 கிலோ, கிலோ 130 ரூபாய் வீதம் 1,300. கூலி கிலோவுக்கு 12 வீதம் 120. கிடைப்பது 4 கிலோ எண்ணெய், 5.5 கிலோ புண்ணாக்கு. மீதி ஈரமாகவும் சிதறலாகவும் போகிறது. கடலெண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம்தான். ஆகவே 4 கிலோ என்பது 4.4 லிட்டர். இதை மறந்து கிலோவையே லிட்டராக எண்ணுவோர் உண்டு.

கறவை மாடு வளர்ப்போர் நிறைந்த பகுதி இது. புண்ணாக்கைக் கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் 220 திரும்பும். நிகரச் செலவு 1,200. லிட்டருக்கு 273 ரூபாய்.

“கூலி வேண்டாம், புண்ணாக்கை விட்டுவிடுங்கள்” என்று சில செக்குகளில் சொல்வார்கள். ஒப்புக்கொண்டால் அடக்கம் 295 ரூபாயைத் தாண்டிவிடும். கூலியில் கிலோவுக்கு 2 ரூபாய் குறைத்து வாங்கினாலோ, லிட்டருக்கு மிஞ்சுவது நாலரை ரூபாய்தான்.

இன்னொரு கசிவு, சரியாக ஆட்டாதது. எண்ணெய் 3.6 கிலோவாகக் குறைந்து மீதி புண்ணாக்கிலேயே தங்கினால், அதையும் விற்ற பிறகுகூட லிட்டர் 300 ரூபாய் ஆகும். புண்ணாக்கை விரலால் நசுக்கிப் பாருங்கள். எண்ணெய் பளபளவென ஒட்டினால், செக்கை இன்னும் சிறிது நேரம் ஓட்டச் சொல்லலாம்.