எண்ணெய் குடிக்காத கத்திரிக்காய்

கத்திரிக்காயின் சதையில் நுண்ணிய காற்றறைகள் நிறைய உண்டு. பச்சையாக வதக்கினால் அவை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கால் கிலோ காய்க்கு நான்கு கரண்டி ஊற்றியும் பேத்தியின் வாணலி வறண்டே கிடந்தது. மேலும் ஊற்றப் போனவளைப் பாட்டி தடுத்தார்.

“முதல்ல ஆவியில வேக வை கண்ணு, அப்புறம் அது எண்ணெய் கேக்காது.”

மறுமுறை, நறுக்கிய காயை இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் வேகவைத்தார்கள். சதை தளர்ந்து காற்றறைகள் அமுங்கின. இரும்பு வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்தார்கள். தாளிப்பின் மணம் எண்ணெயில் நன்றாக இறங்கும் என்பதால் இந்த அளவையும் குறைக்கவில்லை. பிறகு காய், மிளகாய்ப்பொடி, உப்பு சேர்த்து, மூடாமல் மிதமான தீயில் புரட்டினார்கள். ஓரம் சிவந்தால் பதம். காய் குழைந்தால் ஆவியில் அதிக நேரம் இருந்துவிட்டது என்று பொருள். அடிபிடித்தால் தண்ணீர் தெளித்தாலே போதும்.